அப்பர் த்ரெஷோல்டு, லோயர் த்ரெஷோல்டு: தமிழில் என்ன சொல்லலாம்?

நிலவன் எழுதியது:

நண்பர்களே, நேர்ப் பின்னூட்டம் கொடுத்த ஒப்பீட்டான் பற்றித் தொடக்க நிலை மாணவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளீடு ஏறும்போது ஒரு மின்னழுத்தத்தில் வெளியீடு மாறுகிறது. இறங்கும்போது அதைவிடக் குறைந்த இன்னொன்றில் மாறுகிறது. இந்த இரண்டுக்கும் பெயர் வேண்டும்.

ஒளிமின் விளைவுப் பாடத்தில் வரும் 'பயன்தொடக்க அதிர்வெண்' நினைவிருக்கும். அதே வழியில் 'மேல் பயன்தொடக்க மின்னழுத்தம்' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டது. 'மேல் வரம்பு, கீழ் வரம்பு' போதுமா?

மதிவாணி எழுதியது:

'வரம்பு' வேண்டாம். மேல் வரம்பு 2.6 வோல்ட் என்று எழுதினால், அதற்கு மேல் உள்ளீடு கொடுத்தால் சில்லு போய்விடும் என்றுதான் மாணவர் நினைப்பார். 'மாறுநிலை' என்றும் யாராவது சொல்வீர்கள். மாறுநிலைக் கோணம், மாறுநிலை வெப்பநிலை என்று அந்தச் சொல் இயற்பியலில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. 'வாயில்' மாஸ்ஃபெட்டின் கேட்டோடு மோதும்.

பரிதி எழுதியது:

சுற்று எப்படி வேலை செய்கிறதோ அதிலிருந்தே பெயரை எடுக்கலாமே. வெளியீடு உயர்ந்திருக்கும்போது கிடைப்பது மேல் புள்ளி, தாழ்ந்திருக்கும்போது கிடைப்பது கீழ்ப் புள்ளி. ஆகவே 'உயர்வெளியீட்டுப் புள்ளி', 'தாழ்வெளியீட்டுப் புள்ளி'. கணக்கு போடும் வழியும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

மதிவாணி எழுதியது:

பரிதி, நீங்கள் சொல்வது பாதிச் சுற்றுகளுக்குச் சரி. உள்ளீடு மைனஸ் முனைக்குப் போகும் சுற்றை எடுங்கள். பிளஸ் முனையிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 10k, தரைக்கு ஒரு 10k, வெளியீட்டுக்கு ஒரு 100k. இரண்டு 10k-வையும் சேர்த்து, 5k மின்தடை வழியாக வரும் 2.5 வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியீடு எங்கே நிற்கிறதோ, அந்தப் பக்கமாக 100k பிளஸ் முனையைக் கொஞ்சம் இழுக்கிறது:

```
Vp = 2.5 + (Vo - 2.5) × 5/105
Vo = 5  →  2.62 V
Vo = 0  →  2.38 V
```

வெளியீடு 5-ல் இருக்கும்வரை உள்ளீடு 2.62-ஐத் தாண்டினால்தான் மாறும். மாறிய கணமே பிளஸ் முனை 2.38-க்கு இறங்கிவிடும். இதில் உயர் வெளியீடுதான் மேல் புள்ளியைத் தருகிறது, உங்கள் பேச்சு செல்லும்.

இப்போது உள்ளீட்டை 10k வழியாகப் பிளஸ் முனைக்குக் கொடுங்கள். பின்னூட்டம் அதே 100k, மைனஸ் முனையில் நிலையான 2.5 வோல்ட். பிளஸ் முனை 2.5-ஐத் தொட உள்ளீடு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி:

```
Vin = 2.5 × 1.1 - Vo × 0.1
Vo = 0  →  2.75 V
Vo = 5  →  2.25 V
```

தலைகீழாகிவிட்டது பாருங்கள். தாழ் வெளியீடு பிளஸ் முனையைக் கீழே இழுப்பதால், அதை வெல்ல உள்ளீடு கூடுதலாக ஏற வேண்டியிருக்கிறது. இங்கே மேல் புள்ளியைத் தருவது தாழ்ந்த வெளியீடு. பெயரை வெளியீட்டின் மேல் கட்டினால் பாதிச் சுற்றுகளில் பொய்யாகிவிடும். உள்ளீடு ஏறும்போது மாறும் இடம் எந்தச் சுற்றிலும் மேல் புள்ளிதான். அப்படி இல்லாவிட்டால், மாறியதும் திரும்பி, திரும்பியதும் மாறி, நிலைகொள்ளாமல் அலையும்.

நிலவன் எழுதியது:

அப்படியானால் உள்ளீட்டையும் அந்தத் திடீர் மாற்றத்தையும் சொல்லும் பெயர் வேண்டும். 'மேல் கவிழ்நிலை, கீழ் கவிழ்நிலை' எப்படி? தராசுத் தட்டு ஒரு பக்கம் சாயத் தொடங்கியதும் தானே முழுக்கச் சாய்ந்துவிடுவது போலத்தான் நேர்ப் பின்னூட்டமும் செய்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத் 'தயக்கம்' என்று எழுதுகிறேன்; காந்தத் தயக்கம் பாடநூலில் உள்ளதுதான்.

எழிலன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தயக்கம் என்றால் எத்தனை மில்லிசெகண்ட்? என் இரவு விளக்குச் சுற்றில் அதுதான் குறைகிறது என்று நினைக்கிறேன். மதிவாணி அம்மா போட்ட முதல் சுற்றேதான், சில்லு LM393. மைனஸ் முனையில் எல்.டி.ஆர். வெளியீட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7k. வெளியீட்டை நேராக ஒரு என்.பி.என் டிரான்சிஸ்டரின் பேஸில் கொடுத்து ரிலேவை இயக்குகிறேன். அந்தி நேரத்தில் ரிலே படபடவென்று அடித்துக்கொள்கிறது. 100k சரியாகத்தான் இருக்கிறது, மாற்றியும் பார்த்துவிட்டேன். கெப்பாசிட்டர் போட்டுத் தயக்கத்தைக் கூட்டவா?

மதிவாணி எழுதியது:

நிலவன், இதைக் கவனியுங்கள். 'தயக்கம்' என்றதும் ஒருவர் நேரத்தைத்தான் கேட்கிறார். அவர் மேல் தவறில்லை, சொல் அப்படி.

எழிலன், இங்கே பேசுவது நேரத்தை அல்ல, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள வோல்ட்டை. கெப்பாசிட்டரை ஒதுக்கிவிட்டு மீட்டரை எடுங்கள். ரிலே இழுத்து நிற்கும்போது வெளியீட்டு முனையில் எவ்வளவு காட்டுகிறது?

எழிலன் எழுதியது:

0.7 வோல்ட். ரிலே விட்டதும் 0.1.

மதிவாணி எழுதியது:

நினைத்தேன். LM393-இன் வெளியீடு தரைக்கு இழுக்க மட்டுமே தெரிந்தது. மேலே தூக்குவது உங்கள் 4.7k. அது தூக்கப் பார்க்கிறது, பேஸ் 0.7-லேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் உங்கள் சுற்றில் 'உயர்ந்த' வெளியீடு என்பதே 0.7 வோல்ட்தான். முதல் வாய்பாட்டில் போடுங்கள்: 0.7-க்கு 2.414, 0.1-க்கு 2.386. இடைவெளி 28 மில்லிவோல்ட். இருக்க வேண்டியதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். அந்தியில் எல்.டி.ஆர் முனையில் இருக்கும் இரைச்சலுக்கு அது போதாது.

டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு, 5 வோல்ட்டில் நன்றாகத் திறக்கும் என்-சேனல் மாஸ்ஃபெட் ஒன்றைப் போடுங்கள். அதன் கேட் நிலையாக மின்னோட்டம் கேட்காது. அப்போது 4.7k-வும் 100k-வும் தொடராக நின்று, மேல் புள்ளி 2.5 + 2.5 × 5/109.7, அதாவது 2.61 வரும்.

மின்தடைகளை மட்டும் பார்த்துக் கணக்கு போட்டுவிட்டு, வெளியீடு உண்மையில் எங்கே போய் நிற்கிறது என்று அளக்காமல் விடுவது நானும் செய்த தவறுதான்.

பரிதி எழுதியது:

வெளியீட்டுப் பெயரை விட்டுவிடுகிறேன். ஆனால் 'கவிழ்நிலை' எனக்கு ஒட்டவில்லை. கவிழ்ந்தது திரும்பி எழாது, படகைப் பாருங்கள். இது போய்த் திரும்பி வருகிறது. 'மேல் புரள்புள்ளி, கீழ்ப் புரள்புள்ளி' என்றால் இரண்டு பக்கமும் புரளலாம்.

நிலவன் எழுதியது:

புரள்புள்ளி பிடித்திருக்கிறது. குறிப்பில் அதையே போடுகிறேன், ஒளிமின் பாடம் படித்தவர்களுக்காகப் 'பயன்தொடக்கம்' ஒருமுறை மட்டும் வரும். 'தயக்க'த்தைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. பாடநூல் சொல்லைத் தள்ளவும் மனமில்லை. 'தயக்க அகலம்' என்று எழுதி, எப்போதும் வோல்ட்டோடு சேர்த்தே சொன்னால் குழப்பம் குறையுமா?

மதிவாணி எழுதியது:

குறையும், போகாது. 'புரள் இடைவெளி' என்றும் ஒன்று இருக்கட்டும், இன்னும் நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

எழிலன் எழுதியது:

மாஸ்ஃபெட் போட்டாயிற்று. எல்.டி.ஆருக்குப் பதில் ஒரு பொட்டென்ஷியோமீட்டரை வைத்து மெதுவாகத் திருகினேன். ஏறும்போது 2.61-ல் விட்டது, இறங்கும்போது 2.39-ல் இழுத்தது. இன்று அந்தியில் ஒரே ஒரு 'டக்'.