கல்லா தினமும் சரியாக இருக்கிறது, சரக்கு மட்டும் குறைகிறது. எங்கே பார்ப்பது?

சின்னமுதலாளி: அவசரம். ராத்திரி கல்லாவை எண்ணினால் பில் மொத்தத்தோடு ஒரு காசு பிசகுவதில்லை. மாதக் கடைசியில் சரக்கை எண்ணினால் குறைகிறது. கேமரா இருக்கிறது. என்ன செய்யலாம்?

வழிப்போக்கன்: கடையில் எத்தனை பேர்? பில் போடுகிறவரே பணத்தையும் எண்ணுகிறாரா? பில்லை ரத்து செய்யும் அனுமதி யாரிடம்?

மூட்டைகணக்கு: சரக்கு இறங்கும்போதே குறைந்திருக்கும். சீட்டில் இருப்பதை எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் கிடங்கில் அதுதான் நடந்தது.

சின்னமுதலாளி: மூன்று பேர். ஒருவரே பில், பணம், ராத்திரிக் கணக்கு எல்லாம். ரொம்ப நம்பிக்கையானவர்.

பழையதணிக்கை: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஆளாளுக்கு ஊகித்திருக்க வேண்டாம். கல்லா பொருந்துவதை ஆதாரமாக எடுத்துக்கொள்பவர்களுக்கு எத்தனை தடவை சொல்வது?

வாடிக்கையாளர் 500-க்கு வாங்கி, பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். பத்து நிமிடம் கழித்து அந்த பில் ரத்தாகிறது. பில் மொத்தத்தில் 500 குறையும். கல்லாவிலிருந்து 500 எடுத்தால் ராத்திரி எல்லாம் பொருந்தும். கணினியில் சரக்கு திரும்ப ஏறிவிடும், அலமாரியில் இருக்காது. சில்லறை கைமாறும் கடையில் சில நாள் கொஞ்சம் கூடும், சில நாள் குறையும். ஒருநாள்கூடப் பிசகவில்லை என்றால் எனக்கு அதுதான் உறுத்தும்.

ரத்தான பில்களை நேரத்தோடு எடுங்கள். உண்மையான தவறு என்றால் வாடிக்கையாளர் நிற்கும்போதே ரத்தாகி, அடுத்ததாகத் திருத்திய பில் வந்திருக்கும். அப்படி வராதவற்றை மட்டும் கேமராவில் பாருங்கள்.

வழிப்போக்கன்: பில்லே போடாமல் பணம் வாங்கினால் அந்தப் பட்டியலில் வராதே?

பழையதணிக்கை: வராது. குறைகிற பொருள்களை வாரம் ஒருமுறை எண்ணினால்தான் பிடிபடும். இனிமேல் ரத்துக்கு இன்னொருவர் அனுமதி வேண்டும். பில் மொத்தத்தைக் காட்டாமல், பில் போடுகிறவரைக் கல்லாவை எண்ணி எழுதச் சொல்லுங்கள். அப்புறம் வேறொருவர் அன்றைய பில் அறிக்கையை எடுத்து ஒப்பிடட்டும். அறிக்கையின் வரிசை எண் விடுபடுகிறதா என்றும் பாருங்கள். வங்கியில் கட்டிய சீட்டை நீங்களே பார்க்க வேண்டும்.

அன்புக்கடை: இப்படிச் சந்தேகப்பட்டால் யார் வேலைக்கு நிற்பார்கள்? எங்கள் கடையில் இரண்டே பேர், இதெல்லாம் நடக்காது.

மூட்டைகணக்கு: முறை இருந்தால் வேலைக்காரருக்கும் பாதுகாப்புதான். நாளை பணம் குறைந்தால் அவர் தலையில் விழாது.

அன்புக்கடை: கேட்க நன்றாக இருக்கிறது. மற்றவரும் அவரும் கூட்டுச் சேர்ந்தால்?

பழையதணிக்கை: கூட்டுச் சேர்ந்தால் இது போதாது என்பது உண்மைதான். அதற்காகச் சாவி, கணக்கு, பணம் எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுப்பீர்களா? இரண்டு பேர் என்றால் ஒப்பிடுவது முதலாளியின் வேலை. பில் போடுகிறவருக்கு ஆண்டில் சில நாள் விடுப்புக் கொடுத்து, அந்த நாள்களில் வேறொருவரை உட்கார வையுங்கள்.

சின்னமுதலாளி: பட்டியல் எடுத்தேன். ரத்துகள் பெரும்பாலும் கடை மூடும் நேரத்தில். எல்லாமே என் பெயரில் பதிவாகியிருக்கிறது. அந்த நேரத்தில் நான் கடையில் இருப்பதே இல்லை.

வழிப்போக்கன்: உங்கள் கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும்?

மூட்டைகணக்கு: கேள்வி கேட்டவர் போய்விட்டார் போல. சரக்கு இறக்குவதையும் ஒருமுறை பாருங்கள் என்று சொல்லிவைக்கிறேன்.