நான்காவது மோட்டார் மட்டும் தாமதமாகச் சுழல்கிறது. கேலிபரேஷன் செய்தும் தீரவில்லை

மொட்டைமாடி_பைலட்:
ஐந்து அங்குல குவாட் டிரோன். மோட்டார்களை ஓட்ட பிஎல்ஹெலி எஸ் மென்பொருள் உள்ள நான்கு-இன்-ஒன் ஈஎஸ்சி, பறப்பைக் கவனிக்கும் கன்ட்ரோலரில் பீட்டாஃபிளைட். பழைய காணொளி ஒன்றைப் பார்த்து, ஈஎஸ்சிக்குப் போகும் சிக்னலின் புரோட்டோகாலை பிடபிள்யூஎம் என்று வைத்திருக்கிறேன். இறக்கைகளைக் கழற்றிவிட்டு மோட்டார் ஸ்லைடரை மெல்ல ஏற்றினால் மூன்று மோட்டார்கள் 1050-க்கு முன்பே சுழல்கின்றன. முன்பக்க இடது மோட்டார், அதாவது நான்காவது, 1085 வரை அசைவதே இல்லை. ஆர்ம் செய்து கிளப்பினால் குவாட் அந்த மூலையில் சாய்ந்து கவிழ்கிறது. மூன்று முறை கேலிபரேஷன் செய்துவிட்டேன். அதோடு அந்த மோட்டார் எதிர்த்திசையிலும் சுழல்கிறது. திசை மாற்றும் பொத்தானைத் தேடினேன், அதுவும் கிடைக்கவில்லை. மூன்று வயர்களையும் மறுபடி பற்றவைக்கத்தான் வேண்டுமா?

சால்டர்_குமார்:
டிஷாட் புரோட்டோகாலுக்கு மாறுங்கள், எல்லாம் சரியாகிவிடும். கேலிபரேஷனே தேவையில்லை. திசைக்கு மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிப் பற்றவையுங்கள். வயரை மாற்றிய பிறகு ஒருமுறை கேலிபரேஷன் செய்துவிடுங்கள்.

எஃப்450_தாத்தா:
எனக்கும் இதே தொல்லைதான். என் எஃப்450-இல் தனித்தனியாக நான்கு பழைய ஈஎஸ்சிகள். போன வாரம் டிஷாட்டுக்கு மாற்றினேன். அன்றிலிருந்து நான்கும் விடாமல் பீப் அடிக்கின்றனவே தவிர, ஒன்றும் சுழலவில்லை. டிஷாட்டை நம்பாதீர்கள் தம்பி.

பழைய_ரேடியோக்காரன்:
ஐயா, உங்கள் ஈஎஸ்சிகளில் இருக்கும் மென்பொருளுக்கு டிஷாட் தெரியாது. புரியாத சிக்னல் வந்தால் பீப் அடித்துக்கொண்டுதான் நிற்கும். பிடபிள்யூஎம்முக்கே திரும்பி ஒருமுறை கேலிபரேஷன் செய்யுங்கள். எஃப்450-க்கு அது போதும்.

மொட்டைமாடி, உங்கள் விஷயம் வேறு. பிடபிள்யூஎம்மில் திராட்டில் என்பது ஒரு துடிப்பின் நீளம்: 1000 மைக்ரோ விநாடி என்றால் நிறுத்தம், 2000 என்றால் முழு வேகம். அந்த நீளத்தை ஒவ்வொரு ஈஎஸ்சியும் தன் சொந்தக் கடிகாரத்தால் அளக்கிறது. கடிகாரம் இரண்டு சதவீதம் பிசகினாலே 1000-இல் 20 மைக்ரோ விநாடி போய்விடும். கேலிபரேஷன் அந்தப் பிசகை ஈடுகட்டும் வேலைதான். ஆனால் ஈஎஸ்சி சூடேறினால் கடிகாரம் மறுபடி நகரும். உங்கள் `min_throttle` மதிப்பைப் பாருங்கள். இயல்பாக 1070 இருக்கும். நான்காவது மோட்டாருக்கு 1085 வேண்டும் என்றால், ஆர்ம் செய்ததும் அது சும்மாதான் நிற்கும். பிறகு கவிழாமல் என்ன செய்யும்?

டிஷாட்டில் திராட்டில் துடிப்பின் நீளமாகப் போவதில்லை, பிட்டுகளால் ஆன எண்ணாகவே போகிறது. ஒன்று என்றால் பிட்டின் நேரத்தில் முக்கால் பங்கு மின்னழுத்தம் உயர்ந்திருக்கும். சுழியம் என்றால் அதில் பாதி. இரண்டு சதவீதப் பிசகு ஒன்றைச் சுழியமாக்கிவிடாது. எண் தவறாகப் போனாலும் கடைசி நான்கு பிட்டுகள் காட்டிக்கொடுக்கும். ஈஎஸ்சி அந்த எண்ணைத் தள்ளிவிடும்.

```
set motor_pwm_protocol = DSHOT300
save
```

பிறகு பேட்டரியைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். எந்த மொழியில் சிக்னல் வருகிறது என்பதை ஈஎஸ்சி மின்சாரம் வரும்போதுதான் கண்டுகொள்கிறது.

திசைக்குச் சால்டரிங் வேண்டாம். டிஷாட்டில் 48 முதல் 2047 வரைதான் திராட்டில். அதற்குக் கீழே உள்ள எண்கள் கட்டளைகள். திசை மாற்றுவதும், அதைச் சேமிப்பதும் அவற்றில் அடக்கம். பிடபிள்யூஎம்மில் கட்டளை சொல்ல இடமே இல்லை, அதனால்தான் உங்களுக்குப் பொத்தான் தெரியவில்லை. குமார் சொன்ன வயர் மாற்றமும் வேலை செய்யும். ஆனால் அதற்கும் கேலிபரேஷனுக்கும் சம்பந்தமில்லை.

மொட்டைமாடி_பைலட்:
மாற்றிவிட்டேன், பொத்தான் வந்துவிட்டது. கேமராவில் புல் தெறிக்கிறது என்பதால் நான்கு மோட்டார்களையும் தலைகீழாக்கி இறக்கைகளையும் மாற்றினேன். இப்போது கவிழவில்லை. ஆனால் கிளம்பியதும் பம்பரம் போல நின்ற இடத்தில் சுற்றி, வேகம் கூடிக்கொண்டே போகிறது. பயந்து இறக்கிவிட்டேன்.

பழைய_ரேடியோக்காரன்:
நல்ல வேளை. கவிழ்ந்தால் மோட்டார் வரிசையையோ இறக்கையையோ சந்தேகப்பட வேண்டும். சுற்றினால் யாவ் திசையை. குவாட் திரும்புவதை நிறுத்தக் கன்ட்ரோலர் எந்த மோட்டாரை முடுக்குகிறதோ, அதுவே இப்போது இன்னும் திருப்பிவிடுகிறது. மோட்டார்களின் திசையை மாற்றியதைக் கன்ட்ரோலருக்கும் சொல்லுங்கள்:

```
set yaw_motors_reversed = ON
save
```

மொட்டைமாடி_பைலட்:
பறந்தது! ஒரு பேட்டரி தீரும்வரை பறந்தது. ஆனால் நான்காவது மோட்டார் கிளம்பும்போது மட்டும் ஒரு சின்ன உதறல் உதறிவிட்டுத்தான் சுழல்கிறது. டிஷாட்டில்கூட.

சால்டர்_குமார்:
அப்போது ஈஎஸ்சி போச்சு, புதிதாக வாங்குங்கள்.

பழைய_ரேடியோக்காரன்:
அவசரப்படாதீர்கள். திருகு நீளமாக இருந்து சுருளைத் தொடுகிறதா என்று பாருங்கள். மூன்று சால்டர் புள்ளிகளில் ஒன்று மங்கலாக இருந்தாலும் இப்படித்தான் உதறும். இரண்டும் இல்லையென்றால் நான்காவதையும் இரண்டாவதையும் மாற்றிப் பொருத்துங்கள். உதறல் மோட்டாரோடு போகிறதா, ஈஎஸ்சியோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

மொட்டைமாடி_பைலட்:
திருகு 8 மில்லிமீட்டர். மற்ற மூன்றில் 6 போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்த்துச் சொல்கிறேன்.