ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இருமல் சிரப், ஆவி: மெடிக்கலில் நடந்த ஒரு பேச்சு

மன்னார்குடி மெடிக்கல்காரர்

கடை அடைக்கிற நேரத்தில் ஓர் அம்மா வந்தார். பெரிய பையனுக்குப் போன மாதம் வாங்கிய சளி சிரப்பின் காலி அட்டையை நீட்டி, "இதே ஒண்ணு குடுங்கண்ணே, சின்னவளுக்கு மூக்கடைச்சு தூங்கவே மாட்டேங்குறா" என்றார்.

"பாப்பாவுக்கு என்ன வயசும்மா? எடை எவ்வளவு?"

"ஒன்றரை வயசு. பத்து கிலோ. எட்டு மணிக்குக் காய்ச்சல் சிரப் 5 மில்லி குடுத்தேன்."

அட்டையைத் திருப்பிக் காட்டினேன். அந்தச் சளி சிரப்பிலும் பாராசிட்டமால் இருக்கிறது, 5 மில்லியில் 125 மில்லிகிராம். காய்ச்சல் சிரப்பிலும் அதே 125. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 150தான். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரமாவது போக வேண்டும். இதையும் கொடுத்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் 250 உள்ளே போயிருக்கும். மீதி இரண்டும் குளோர்பெனிரமைன், ஃபினைலெஃப்ரின். இந்தக் கூட்டு மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

"அந்தக் கலப்பட சிரப்பைத்தானே தடை பண்ணாங்க? இது வேற கம்பெனிண்ணே" என்றார். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தது சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்ததால். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். அது தனி விஷயம். சுத்தமான சிரப்பாகவே இருந்தாலும் இந்த வயதில் சளியைக் குறைக்காது. குழந்தை அசந்து தூங்கும், அதைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

"அப்ப ஆவி மாத்திரையை வெந்நீர்ல பிய்ச்சுப் போட்டு மடியில வெச்சு ஆவி பிடிக்கட்டுமா?"

வேண்டவே வேண்டாம் என்றேன். போர்வைக்குள் குழந்தை ஒரு உதை விட்டால் போதும், கொதிநீர் மேலே கொட்டிவிடும். அந்த மாத்திரையில் இருக்கும் கற்பூரம் இரண்டு வயதுக்குள் ஆகாது, வாய்க்குள் போனால் வலிப்பே வரலாம்.

உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்து மட்டும் கொடுத்தேன். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு. ஒரு நிமிஷம் விட்டு, வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். பாலுக்கு முன்னால் ஒரு தடவை, தூங்கப் போகும் முன் ஒரு தடவை.

பட்டுக்கோட்டை பாட்டி

எங்கள் வீட்டில் சிரப்பே கிடையாது தம்பி, தேன்தான். ஆறு மாதத்திலிருந்தே நாக்கில் தடவுவோம், இருமல் அடங்கிவிடும்.

மன்னார்குடி மெடிக்கல்காரர்

தேன் நல்லதுதான் அம்மா. ஆனால் ஒரு வயது முடிந்த பிறகுதான். படுக்கும் முன் அரை ஸ்பூன் போதும். அதற்கு முன்னால் ஒரு சொட்டுகூட வேண்டாம். தேனில் இருக்கும் ஒரு வகைக் கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து உடம்பையே தளரவைத்துவிடும், மூச்சு வரை பாதிக்கும்.

சலாலாவிலிருந்து ஒரு அப்பா

என் பையனுக்கு அஞ்சு வயது, வீசிங் இருக்கிறது. டாக்டர் சொல்லி மெஷினில் ஆவி வைக்கிறோம். ஆவி கூடாது என்றால் இன்றைக்கே நிறுத்திவிடட்டுமா?

தஞ்சாவூர் நர்ஸ்

நிறுத்தாதீங்க அண்ணா. அது நெபுலைசர். அந்தப் புகை சூடில்லை, மருந்தை நுரையீரலுக்குக் கொண்டு போகிறது. இங்கே பேசுவது வெந்நீர் ஆவியை.

நான் தீக்காய வார்டில் இருந்தபோது ஆவி பிடிக்கப் போய் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மார்பும் தொடையும்தான் வெந்திருக்கும். பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் வைக்காமல், நனைந்த துணியைக் கழற்றிவிட்டு 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். அப்புறம் உடனே ஆஸ்பத்திரிக்கு.

சளிக்கு ராத்திரியில் கூட்டிப் போகணுமா என்று குழப்பமாக இருந்தால், குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுசாக எண்ணுங்கள். ஒரு வயதுக்கு மேல் 40-ஐத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள்.

திருவாரூர் அம்மா

எல்லாம் சரி, மூன்று வயதுப் பிள்ளைக்கு டாக்டரே இருமல் சிரப் எழுதிக் கொடுத்தால் நாங்கள் என்ன செய்வது? போன வாரம் என் அக்கா குழந்தைக்கு அப்படித்தான்.

மன்னார்குடி மெடிக்கல்காரர்

பொதுவாக அஞ்சு வயது வரைக்கும் தேவையில்லை என்றுதான் 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை சொன்னது. சீட்டு வந்தால் நான் டாக்டருக்கு போன் செய்து வயதைச் சொல்வேன். சிலர் மாற்றிவிடுவார்கள். சிலர், "பார்த்துத்தான் எழுதினேன், கொடு" என்பார்கள், அதற்குக் காரணமும் இருக்கலாம். உங்கள் அக்காவை அந்த பாட்டிலின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து இங்கே போடச் சொல்லுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.