குளுக்கோஸ் நாலு பிளஸ், நைட்ரைட் நெகட்டிவ்: யூரின் ஸ்டிரிப்பில் நீங்கள் பார்த்ததைப் பகிருங்கள்

லேப் டெக்னீஷியன், திருச்சி

போன வாரம் வந்த ஒரு சாம்பிள். இதே மாதிரி பார்த்தவர்கள் எழுதுங்கள்.

58 வயது அம்மா. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோடு டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. சாப்பிடுகிறார். இரண்டு நாளாக நீர்க்கடுப்பு, காய்ச்சல் இல்லை. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 142. ஸ்டிரிப்பில் குளுக்கோஸ் கட்டம் கலர் சார்ட்டின் கடைசி நிறத்துக்குப் போய்விட்டது. கிருமியைக் காட்டும் நைட்ரைட் நெகட்டிவ், வெள்ளை அணுவைக் காட்டும் லூகோசைட் டிரேஸ், யூரினின் அடர்த்தியைக் காட்டும் எஸ்.ஜி. 1.010. வெறும் ஸ்டிரிப்பை வைத்து ரிப்போர்ட் எழுதியிருந்தால் "தொற்று இல்லை" என்றுதான் போயிருக்கும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு ஃபீல்டுக்கு 20–25 பஸ் செல். கல்ச்சரில் ஈ. கோலை, ஒரு லட்சத்துக்கு மேல்.

ஸ்டாஃப் நர்ஸ், மதுரை

எஸ்.ஜி. 1.010 என்றால் நீர்த்த யூரின். தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுக் கொடுத்திருப்பார், அதனால் நைட்ரைட் வரவில்லை. ஆனால் லூகோசைட் கட்டம் கெட்டியான யூரினில்தான் மங்கும், நீர்த்ததில் நன்றாகவே காட்டும். ஆகவே டிரேஸ் என்றால் டிரேஸ்தான். அந்த 20 பஸ் செல் வெள்ளைப்படுதல் கலந்து வந்ததாக இருக்கலாம்.

குடும்ப மருத்துவர், நாகர்கோவில்

சிஸ்டர் சொன்னதில் பாதி சரி. கெட்டியான யூரினில் லூகோசைட் கட்டம் மங்கும் என்பது உண்மை. ஆனால் இந்த 1.010-ஐ நம்பக்கூடாது.

ஸ்டிரிப்பின் எஸ்.ஜி. கட்டம் யூரினில் கரைந்திருக்கும் உப்புகளின் அயனிகளுக்கு மட்டுமே நிறம் மாறும். சர்க்கரைக்கு அயனி கிடையாது, அதனால் அது அந்தக் கட்டத்தின் கண்ணுக்கே படாது. ரிஃப்ராக்டோமீட்டர் அப்படியில்லை, கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். 100 மி.லி. யூரினில் 1 கிராம் சர்க்கரை இருந்தால் அதில் சுமார் 0.004 கூடும். டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை நாளுக்கு 60, 70 கிராம் சர்க்கரையை யூரினில் இறக்கிவிடும். நாளுக்கு இரண்டரை லிட்டர் யூரின் போனால் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 3 கிராம். அதாவது ஸ்டிரிப் 1.010 காட்டும் இடத்தில் ரிஃப்ராக்டோமீட்டர் 1.022 காட்ட வேண்டும். பார்த்தீர்களா?

லேப் டெக்னீஷியன், திருச்சி

பார்த்தேன் டாக்டர், 1.022-தான். ஸ்டிரிப் டப்பாவோடு வரும் தாளிலும் போட்டிருக்கிறது: சர்க்கரை 3 கிராம் அளவை எட்டினாலே லூகோசைட் குறைத்துக் காட்டலாம். எஸ்.ஜி.யைப் பார்த்து "நீர்த்த யூரின், லூகோசைட்டை நம்பலாம்" என்று முடிவு கட்டினால், அதைக் கெடுக்கும் சர்க்கரை பக்கத்துக் கட்டத்திலேயே நாலு பிளஸாக நிற்கிறது.

நைட்ரைட் கதை வேறு. கிருமி யூரினில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, யூரின் பையில் குறைந்தது நாலு மணி நேரம் தங்க வேண்டும். இந்த அம்மா முந்தைய தடவை போனது 40 நிமிடத்துக்கு முன்னால். மாத்திரையாலும் நீர்க்கடுப்பாலும் அடிக்கடி போகிறவருக்கு அந்த நேரம் எங்கே கிடைக்கும்?

வாசகர், சென்னை

என் அப்பாவும் இதே மாத்திரைதான். வீட்டில் ஸ்டிரிப் வாங்கிப் பார்த்தோம், குளுக்கோஸ் நாலு பிளஸ். அப்படியானால் ரத்தத்தில் சர்க்கரை 400 இருக்குமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

குடும்ப மருத்துவர், நாகர்கோவில்

நிறுத்தாதீர்கள். இந்த மாத்திரை சாப்பிடாதவருக்கு, ரத்தத்தில் ஏறத்தாழ 180 தாண்டினால்தான் யூரினில் சர்க்கரை இறங்கும். இந்த மாத்திரை அந்த அணையைத் தாழ்த்திவிடுகிறது, ரத்தத்தில் 120 இருந்தாலும் யூரினில் நாலு பிளஸ் வரும். அவருடைய சர்க்கரையை விரலில் குத்தித்தான் பார்க்க வேண்டும்.

தலைகீழாக யோசித்தால் ஒரு நல்ல துப்பு கிடைக்கும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் குளுக்கோஸ் கட்டம் நெகட்டிவ் என்றால் அங்கேயே நில்லுங்கள். மாத்திரையை விட்டிருப்பார், அல்லது சிறுநீரகம் நன்றாகத் தளர்ந்திருக்கும், அல்லது வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டிருப்பார். வைட்டமின் சி குளுக்கோஸை மட்டும் அல்ல, நைட்ரைட்டையும் லூகோசைட்டையும் சேர்த்தே அமுக்கிவிடும். அப்போது மூன்று நெகட்டிவும் மதிப்பில்லாதவை.

ஓய்வு பெற்ற லேப் சூப்பர்வைசர், கோவை

வீட்டில் பார்க்கிறவருக்கு ஒன்று சொல்கிறேன். பெரும்பாலோர் நனைத்த கையோடு எல்லாக் கட்டத்தையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிறார்கள். பரவலாக விற்கும் பத்துக் கட்ட ஸ்டிரிப்பில் குளுக்கோஸ் 30 விநாடி, எஸ்.ஜி. 45, நைட்ரைட் 60, லூகோசைட் 120. உங்கள் டப்பாவில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. 30 விநாடியில் பார்த்தால் லூகோசைட் பெரும்பாலும் சுத்தமாகத்தான் தெரியும். போனில் டைமர் வையுங்கள். ஒரு விநாடி முக்கி, ஓரத்தைக் கப்பின் விளிம்பில் இழுத்து வடித்து, ஸ்டிரிப்பைப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் ஒரு கட்டத்துச் சாயம் அடுத்ததில் வழியும்.

மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாத டப்பாவில் நைட்ரைட் கட்டம் தானாகவே லேசான ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும். சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டிரிப்பை டிஸ்டில்டு வாட்டரில் முக்குங்கள். ரோஸ் வந்தால் அந்த டப்பாவையே தூக்கிப் போடுங்கள். ஃப்ரிட்ஜில் வைப்பதும் வேண்டாம், வெளியே எடுக்கும்போது உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

ஸ்டாஃப் நர்ஸ், மதுரை

எஸ்.ஜி. விஷயம் எனக்குப் புதிது, நன்றி டாக்டர். ஆனாலும் வெள்ளைப்படுதல் பற்றிச் சொன்னதை நான் விடவில்லை. இந்த மாத்திரையில் பூஞ்சைத் தொற்று சகஜம். அரிப்பும் எரிச்சலும் இருக்கும், லூகோசைட் பாசிட்டிவ், நைட்ரைட் நெகட்டிவ். அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பூஞ்சை இன்னும் ஏறும். சுத்தம் செய்துவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுத்தாரா என்று கேட்டீர்களா?

லேப் டெக்னீஷியன், திருச்சி

நியாயமான கேள்வி சிஸ்டர். முதல் சாம்பிளில் கேட்கவில்லை. அதனால்தான் மறுநாள் விடியற்காலையில் எழுந்தவுடன் போவதை, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், நீங்கள் சொன்ன முறையில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னோம். இரவில் ஐந்து மணி நேரம் தங்கிய யூரின். நைட்ரைட் தெளிவாகப் பாசிட்டிவ். லூகோசைட் அப்போதும் ஒரு பிளஸ்தான், பஸ் செல் 30. இரண்டிலும் ஈ. கோலையே வளர்ந்தது. ஆனால் என்டெரோகாக்கஸாக இருந்திருந்தால் விடியற்காலை யூரினிலும் நைட்ரைட் வந்திருக்காது, அது நைட்ரேட்டை மாற்றாத கிருமி.

குடும்ப மருத்துவர், நாகர்கோவில்

தொல்லை இருந்ததால் இந்த அம்மாவுக்கு மருந்து சரி. தொல்லையே இல்லாமல் வழக்கமான செக்கப்பில் நைட்ரைட் பாசிட்டிவ் வந்த சர்க்கரை நோயாளிக்கு, கர்ப்பிணியாக இல்லாதவரை, ஆன்டிபயாடிக் தேவையில்லை.

எனக்குத் தீராதது ஒன்று. என் கிளினிக்கில் மைக்ராஸ்கோப் இல்லை, கல்ச்சர் வர இரண்டு நாள். எரிச்சல் இருக்கிறது, அரிப்பு இல்லை, குளுக்கோஸ் நாலு பிளஸ், லூகோசைட் டிரேஸ் என்றால் நான் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு அன்றே மருந்தைத் தொடங்குகிறேன். காத்திருந்து தொடங்குகிறவர்கள் இருக்கிறீர்களா?

ஓய்வு பெற்ற லேப் சூப்பர்வைசர், கோவை

எங்கள் மருத்துவமனையிலேயே இதில் இரண்டு கட்சி டாக்டர். காய்ச்சலோ இடுப்பு வலியோ இருந்தால் மட்டும் இரண்டு பேரும் ஒரே பக்கம், யாரும் காத்திருக்கவில்லை.