வேலை இழப்புக்குப் பின் முதலீடுகள்: புதுப்பிப்பு

“கணவருக்கு வேலை போய்விட்டது, குழந்தை பிறக்க இருக்கிறது, நிலையான வைப்பை முறிப்பதா, பங்குகளை விற்பதா?” என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

வைப்பை முறிக்கவில்லை. மாதச் செலவு ஒன்றரை இலட்சம் ரூபாய். 12 இலட்ச ரூபாய் வைப்பு முதிர இரண்டு மாதங்களே இருந்தன, முன்கூட்டி எடுத்தால் வட்டி குறையும். பங்குகள் அனைத்தையும் விற்கச் சொன்ன மச்சானின் கருத்தில் பாதி சரி. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளரான மாமா, “சம்பளம் தந்த கம்பெனியின் பங்கை மட்டும் முதலில் விடுங்கள் பிள்ளை, அது சரிந்தால் வேலையோடு போட்ட பணமும் அல்லவா போகும்” என்றார். அவற்றை விற்றதில் 3 இலட்சம் கிடைத்தது. கொழும்புப் பங்குச் சந்தையில் விற்ற பணம் இரண்டு வேலை நாட்களில் வந்துவிடுகிறது. வைப்பு முதிர்ந்ததும் மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியைச் சேமிப்புக் கணக்கிலும், மற்றவற்றை மூன்று மாத, ஆறு மாத வைப்புகளிலும் இட்டோம்.

திருமணத்துக்காக வேலையை விட்டு, ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எஃப். பணம் எடுத்ததைப் பதிலில் எழுதிய அக்காவுக்கு நன்றி; அந்தச் சலுகை பெண் ஊழியருக்கே உரியது, என் கணவருக்குப் பொருந்தாது. ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.டி.எஃப். பணத்தை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் எடுக்க இயலும் என்பதால், இப்போதே விண்ணப்பிப்பதா என்பதில் இருவருக்கும் இன்னும் உடன்பாடில்லை.