மாடு அசை போடாமல் படுத்திருந்த ராத்திரி

சென்னிமலைக்காரன்
மாட்டுப் பொங்கல் அன்று ராத்திரி. வீட்டில் ஆளுக்கொரு வாளி பொங்கலைக் காட்டியிருக்கிறோம், ஒருத்தர் வைத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. பத்து மணிக்குப் போனால் ஜெர்சிக் கலப்பு படுத்திருக்கிறது, வாய் அசையவே இல்லை. இடது பக்கம், விலா எலும்பு முடிகிற பள்ளத்தில் முட்டியை அழுத்தி வைத்து இரண்டு நிமிடம் பார்த்தேன். நல்ல மாடாக இருந்தால் உள்ளிருந்து இரண்டு மூன்று தடவையாவது கையைத் தள்ளும். ஒரு தடவைகூடத் தள்ளவில்லை, ஆட்டினால் பானைத் தண்ணீர் மாதிரி களக் என்றது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விடியக்காலையில் புளித்த நாற்றத்தோடு தண்ணியாகக் கழிச்சல். டாக்டர் மருந்து ஏற்றியும் நாலாவது நாள்தான் அசை போட்டது.

பால்காரம்மா
இது கால்சியம் குறைவுங்க. எங்கள் மாடு கன்று போட்ட மறுநாள் இப்படித்தான், காது ஜில்லென்று, தலையை விலாப் பக்கம் மடக்கிப் படுத்துவிட்டது. ஒரு பாட்டில் ஏற்றினதும் எழுந்து நின்றது. வீட்டில் ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள்.

பழைய கம்பவுண்டர்
அம்மா, உங்கள் மாட்டுக்கு அது சரி, அது கன்று போட்ட மாடு. இவர் சொல்வது சோறு தின்ற மாடு. கால்சியத்தை வேகமாக நரம்பில் ஏற்றினால் இதயமே நின்றுவிடும், அதை நாமாகச் செய்யவே கூடாது. வைக்கோல்தான் வயிற்றுக்குள் உறுத்தி அசை போட வைக்கிறது. சோறு சீக்கிரம் புளித்து அமிலமாகி வயிற்றையே நிறுத்திவிடும். இப்படி ஆனால் அரிசி, தவிடு, தீவனம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கோல் மட்டும் போடுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள், 101லிருந்து 102.5 வரை சாதாரணம், ஏறினால் காய்ச்சல், நன்றாக இறங்கினால் அதைவிட மோசம். சாணியைக் கையில் எடுத்துப் பாருங்கள், முழு தானியம் வருகிறதா, புளிக்கிறதா என்று. இடது பக்கம் தட்டினால் தம்பட்டம் மாதிரி கேட்டு, மாடு மூச்சு வாங்கினால் அது வயிறு உப்புசம், விடியட்டும் என்று இருக்காதீர்கள், அப்போதே கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்குப் போன் போடுங்கள். அப்புறம், படுத்த மாட்டின் வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

தாராபுரம் தம்பி
என் மாடு ஒரு நாள் முழுக்க அசை குறைவாகப் போட்டது, பயந்து டாக்டரைக் கூப்பிட்டால் அவர் சிரிக்கிறார், பருவத்துக்கு வந்திருக்கிறதாம்! அதுதான் ராத்திரி முழுக்கக் கத்தியிருக்கிறது. சரி, ஆணி முழுங்கின மாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய கம்பவுண்டர்
முதுகுத் திமிலுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தால் முதுகைத் தாழ்த்தாமல் முனகும். எல்லா மாடும் முனகாது தம்பி.

சென்னிமலைக்காரன்
அன்றைக்கு ராத்திரியே சமையல் சோடா கரைத்துக் கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்கிறார் மாமா. டாக்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.