ராபின் ஆணா பெண்ணா, வருவது ஒருவரா இருவரா?

எல்லோருக்கும் வணக்கம். பத்தமடையில் பாய் நெய்யும் எங்கள் பெரியம்மாவுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் சின்னதாக ஓர் ஆங்கில மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். விஷயம் இதுதான்: அவருடன் வேலை பார்க்கும் ராபின், ஒரு நண்பரோடு வெள்ளிக்கிழமை வருகிறார். அடுத்த வரியில், 'தே' இரண்டு நாள் தங்க அறை வேண்டும் என்கிறார்.

ராபின் என்ற பெயர் இருபாலருக்கும் உண்டு. அதை 'வருகிறார்' என்று எழுதிச் சமாளித்துவிட்டேன். 'யூ'வும் 'நீங்கள்' என்பதில் அடங்கிவிடும். சிக்கல் 'தே'யில்தான். ஆண், பெண் என்று சொல்ல விரும்பாதபோது ஒரே ஆளைக்கூட ஆங்கிலத்தில் இப்போது 'தே' என்கிறார்கள். வினையும் பன்மையாகவே வரும், அதனால் அதிலிருந்து துப்பு கிடைக்காது. நான் 'அவருக்கு' என்றால் ராபினுக்கு மட்டும் அறை, 'அவர்களுக்கு' என்றால் இரண்டு பேருக்கும் என்றுதான் பெரியம்மா படிப்பார்.

இப்போதைக்கு, 'இரண்டு நாள் தங்க அறை ஏற்பாடு செய்ய முடியுமா?' என்று பிரதிப்பெயரே இல்லாமல் எழுதி வைத்திருக்கிறேன். மூலத்துக்குத் துரோகம் இல்லை. ஆனால் பெரியம்மா, "எத்தனை பேருக்குல பாய் விரிக்க? பொம்பளையாளா, ஆம்பளையா?" என்று கேட்பாரே!

மொழிபெயர்ப்பு செய்பவர்கள் சொல்லுங்கள்: இப்படியே விட்டு, கீழே 'ஒருவரா இருவரா என்பது மூலத்தில் தெளிவில்லை' என்று குறிப்பு போடலாமா? அல்லது அனுப்பியவரிடமே கேட்டுவிடுவதா? கேட்பதென்றால், ராபின் ஆணா பெண்ணா என்று நேரடியாகக் கேட்காமல், எத்தனை படுக்கை, ஒரே அறை போதுமா என்று மட்டும் கேட்டால் சரியாக இருக்குமா?